கடற்கரையை எப்படிச் சுருக்குவது?

பெரும்பாக்கத்தில் வசிக்கும் நாங்கள் எங்களைக் கடலுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் என்றே எண்ணிக் கொண்டிருக்கிறோம். கிழக்கே சோழிங்கநல்லூரைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாயையும் கடந்தால் கரை வந்துவிடுகிறது. ஆகவே, பூகோள வகுப்பில் நான் "தமிழ்நாட்டின் கடற்கரையை ஒரு சிறு காகிதத்தில் வரைந்து வாருங்கள்" என்று சொன்னபோது, பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

மறுநாள் வந்த படங்களில் இரண்டு என் கருத்தைக் கவர்ந்தன. ஒரு பையன், பெரிய படத்தில் கண்ட நெளிவு ஒன்றைக்கூட விடாமல் சிறு காகிதத்தில் அடைத்திருந்தான். கரை முழுவதும் கம்பளிப் பூச்சியைப் போல் சிலிர்த்துக் கொண்டு நின்றது. ஒரு பெண்ணோ, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே கோடு இழுத்துவிட்டாள். அதில் கோடியக்கரையும் இல்லை, இராமேசுவரமும் இல்லை.

"நான் எதையும் விடவில்லை, ஸார்!" என்றான் பையன்.

"எதையும் விடாததுதான் அப்பா, உன் தப்பு. எல்லாவற்றையும் விட்டது இவளுடைய தப்பு" என்றேன்.

எதை விடுவது, எதை வைத்துக் கொள்வது என்பதற்கு முதலில் அளவுத் திட்டத்தைக் கேட்க வேண்டும். இந்தப் பத்திரிகையின் பக்கத்தில் அடங்கும்படி தமிழ்நாட்டை வரைவதானால், 1 சென்டிமீட்டருக்கு 50 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்ளலாம். வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வரும். மெல்லிய பேனாக் கோட்டின் கனம் ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கோட்டின் கனம் மட்டுமே பூமியில் 1 கிலோ மீட்டரை மறைத்து விடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர், ஒக்கியம் மடுவு வழியாகவும் கால்வாய் வழியாகவும் சென்று முட்டுக்காட்டில் கடலில் கலக்கிறது. எங்களுக்கு அது பெரிய முகத்துவாரந்தான். ஆனால் அதன் அகலம் 1 கிலோ மீட்டர்கூட இல்லாமையால், இந்தப் படத்தில் அதற்கு இடமே கிடையாது. அதை வரைய முயல்வது மையைக் கொட்டுவதற்குச் சமானம்.

சரி, மிச்சமிருக்கும் வளைவுகளில் எவை முக்கியமானவை? இதற்கு ஒரு நூலே போதும். சென்னையில் ஒரு முனையையும் கன்னியாகுமரியில் மறு முனையையும் வைத்து, பெரிய படத்தின்மேல் நூலை இழுத்துப் பிடியுங்கள். தீவுகளை இப்போதைக்கு விட்டுவிட்டு, நூலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கரை எதுவென்று பாருங்கள். அது கோடியக்கரை, நூலுக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் கிழக்கே நீட்டிக் கொண்டிருக்கிறது. அங்கே ஓர் ஊசியைக் குத்தி நூலை அதன் வழியாகத் திருப்புங்கள். இப்பொழுது நூல் இரண்டு துண்டாகிவிட்டது. வடக்குத் துண்டில் கடலூர்ப் பக்கத்துக் கரைதான் அதிகம் விலகுகிறது. சுமார் 30 கிலோ மீட்டர் மேற்கே உள்வாங்கியிருக்கிறது. தெற்குத் துண்டில் அதிராம்பட்டினத்துக் கரை சுமார் 40 கிலோ மீட்டர் விலகுகிறது. அவ்விரண்டு இடங்களிலும் ஊசி குத்துங்கள். பிறகு மண்டபத்து மூக்கு தானே வந்து நிற்கும். ஆறு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தாலே, எந்தக் குழந்தையும் "இது நம் கரை" என்று சொல்லிவிடும். விலகல் 2 கிலோ மீட்டருக்குக் குறையும் வரையில் இப்படியே பிரித்துக் கொண்டு போய் நிறுத்திவிட வேண்டியது. டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர் 1973-இல் வெளியிட்ட முறை இதுதான். கணிப்பொறிகள் இன்றும் இதைக் கையாளுகின்றன.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. அது கூரான முனைகளையே தேடிப் பிடிப்பதால், மென்மையான கரையும் உடைந்த கண்ணாடியைப் போல் கோணல்மாணலாகிவிடும். ஹல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த விசுவலிங்கம், வயட் என்ற இருவர் 1993-இல் வேறு வழி காட்டினார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அவற்றுள் மிகச் சிறிய முக்கோணத்தின் உச்சிப் புள்ளியை நீக்கிவிட வேண்டும்; மீண்டும் பார்த்து அடுத்த சிறியதை நீக்க வேண்டும். இதனால் கரை இயல்பாகக் குழைந்து வருகிறது.

ஆனால் இந்த வழியைத் தனுஷ்கோடியில் சோதித்துப் பாருங்கள். அந்த மணல் முனையின் நீளத்தை 10 கிலோ மீட்டர் என்றும், அடி அகலத்தை 1 கிலோ மீட்டர் என்றும் கணக்கிற்காக வைத்துக் கொள்வோம். முக்கோணத்தின் பரப்பு 5 சதுரக் கிலோ மீட்டர். வேறோரிடத்தில் 50 கிலோ மீட்டர் நீளமுள்ள கரை நடுவில் 1 கிலோ மீட்டர் மட்டும் புடைத்திருக்கிறது என்றால், அதன் பரப்பு 25. பரப்பையே பார்க்கும் முறை, யாரும் கவனியாத புடைப்பை வைத்துக் கொண்டு, தனுஷ்கோடியை அழித்துவிடும்! நூல் முறையோ, 10 கிலோ மீட்டர் விலகிய முனையைக் காப்பாற்றி, 1 கிலோ மீட்டர் புடைப்பைத் தள்ளிவிடும். ஆகையால் பரப்பு முறையில் கரையைக் குழைப்பவர்கள், தனுஷ்கோடி போன்ற இடங்களை "தொடாதே" என்று முன்னதாகவே குறித்து வைத்துவிடுவது நல்லது.

காப்பாற்றினால் மட்டும் போதாது. சில இடங்களில் வேண்டுமென்றே மிகைப்படுத்தவும் வேண்டும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். நம் படத்தில் அந்தக் கடல் 0.4 மில்லி மீட்டர். இரு கரைகளின் கோட்டுக் கனமும் அதில் பாதியைத் தின்றுவிடும். அச்சில் மை சற்றே பரவினால் இராமேசுவரம் தீவு என்ற பெயரை இழந்துவிடும். எனவே இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கி வரைகிறார்கள். அளவில் இது பொய்தான். ஆனால் "இது தீவு" என்ற பெரிய உண்மையைச் சொல்லும் பொய்.

வேலை முடிந்ததும் சோதிக்க வேண்டியவை மூன்று. துறைமுகப் பட்டினங்களைக் குறித்துப் பாருங்கள். நாகப்பட்டினம் கடலுக்குள் விழுந்தால் கரையை அதிகமாக வெட்டிவிட்டீர்கள். கோடு எங்கேனும் தன்னையே குறுக்கே வெட்டுகிறதா என்று பாருங்கள். மெல்லிய முனைகளில் இது நேரும். கடைசியாக, பக்கத்தில் இலங்கையையும் வரைவதானால் அதற்கும் இதே அளவு சுருக்கம் வேண்டும். ஒரு கரை நெளிந்தும் மறு கரை வழவழவென்றும் இருந்தால், பார்ப்பவர்கள் அதை இயற்கையின் வித்தியாசம் என்று நம்பிவிடுவார்கள்.

சுருக்கிய கரையில் ஒரு வேலை மட்டும் செய்யக் கூடாது: நீளத்தை அளக்கக் கூடாது. இந்தியாவின் கடற்கரை 7,516.6 கிலோ மீட்டர் என்று நெடுங்காலம் பாடம் சொல்லி வந்தோம். அது 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள படத்தில் அளந்தது. பின்னர் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவில் அளந்தபோது, அது 11,098.8 கிலோ மீட்டராயிற்று. இந்தக் கணக்கு 2024-இன் இறுதியில் வெளியாயிற்று. தமிழ்நாட்டின் கரை 906.9-லிருந்து 1,068.7 ஆயிற்று. கடல் புதிதாக நிலம் ஏதும் தந்துவிடவில்லை. முன்பு கோட்டுக்குள் மறைந்திருந்த கழிகளும் முகத்துவாரங்களும் கணக்கில் சேர்ந்தன, அவ்வளவே. வங்காளத்தில் சுந்தரவனத்துக் கழிகள் ஏராளமாதலால், அங்கே 157.5 என்பது 721 ஆகிவிட்டது!

மறு வாரம் அந்தப் பெண் புதிய படம் கொண்டு வந்தாள். கோடியக்கரை இருந்தது, தனுஷ்கோடி இருந்தது, பாம்பனில் மெல்லிய வெள்ளை இடைவெளியும் தெரிந்தது.

"முட்டுக்காட்டைக் காணோமே, அம்மா?" என்று கேட்டேன்.

"அது கோட்டுக்குள்ளே இருக்கிறது, ஸார்" என்றாள்.