ஆட்டோ, லாரி முதுகில் ஒரு வரி: 2 விநாடியில் மனதில் நிற்பது எப்படி?

முன்னால் போகும் ஆட்டோவின் பின்பக்கத்தை நீங்கள் படிக்க நினைத்துப் படிப்பதில்லை. கண் தானாகவே அங்கே போகிறது. சில வரிகள் பச்சை விழுவதற்குள் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. சில வரிகள் பாதியிலேயே விட்டுப்போகின்றன. சொன்ன விஷயம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. தூரம், எழுத்தின் அளவு, தமிழ் வாக்கியம் முடியும் விதம் எல்லாமே இதில் சேர்ந்து வேலை செய்கின்றன.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

வண்டி ஓட்டுபவர் சாலையிலிருந்து கண்ணை எடுத்தால், ஒரு தடவைக்கு 2 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது சாலைப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே விட வேண்டிய இடைவெளிக்கும் அதே 2 விநாடிதான் கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போனால் அது சுமார் 22 மீட்டர். நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகம் என்றால் சுமார் 33 மீட்டர்.

அப்படியானால் நல்ல வரி என்பது, 22 மீட்டர் தள்ளி வருபவர் 2 விநாடிக்குள் படித்து முடிக்கக்கூடிய வரி.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கணும்?

சாலைப் பலகைகளுக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுத்து 1 அங்குல உயரம் இருந்தால் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம். இதன்படி 22 மீட்டருக்கு சுமார் 6 செ.மீ. உயரமும், 33 மீட்டருக்கு சுமார் 9 செ.மீ. உயரமும் வேண்டும்.

இது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. தமிழில் ண, ஞ, ணை மாதிரி சுழிகளும் வளைவுகளும் உள்ள எழுத்துகள் அதிகம். கோடு தடித்துவிட்டால் உள்ளே இருக்கும் இடைவெளி அடைந்து, தூரத்தில் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் தமிழுக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதுவதே நல்லது.

ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். ஓரங்களை விட்டால் எழுத சுமார் 1 மீட்டர்தான் மிஞ்சும். 6 செ.மீ. உயரத்தில் எழுதினால், இடைவெளியும் சேர்த்து ஒரு வரியில் ஏறத்தாழ 13 எழுத்துதான் பிடிக்கும். புள்ளி வைத்த எழுத்துகளும் இந்தக் கணக்கில் உண்டு.

'பிரசவத்திற்கு இலவசம்' ஏன் ஜெயித்தது?

தமிழ்நாட்டு ஆட்டோக்களில் எல்லோரும் பார்த்த வரி இது. எண்ணிப் பாருங்கள்: 8 எழுத்து, 5 எழுத்து, மொத்தம் 13. ஒரே வரியிலும் அடங்கும், இரண்டாகப் பிரித்தால் இன்னும் பெரிதாகவும் எழுதலாம்.

யார் வருவார், யாரைக் கூட்டிப்போவார் என்று எதுவுமே அதில் இல்லை. வினைச்சொல் கூட இல்லை. தேவையும் இல்லை, ஏனென்றால் மீதியை அந்த ஆட்டோவே சொல்லிவிடுகிறது. இதே இரண்டு சொல்லை ஒரு வீட்டுச் சுவரில் எழுதினால், எது இலவசம் என்று கேட்கத் தோன்றும். எழுதப்பட்ட இடமே வாக்கியத்தில் பாதி.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. அதன் பிறகும் இந்த வரி ஆட்டோக்களை விட்டுப் போகவில்லை. அவசரத்துக்கு வண்டி என்பதைத் தாண்டி, ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பதையும் இந்த வரி சொல்லிவிடுகிறது. ஆனால் பக்கத்தில் போன் நம்பர் இருந்தால்தான் அது நிஜமான வாக்குறுதி. நம்பரை நடுராத்திரியில் தேட வேண்டியிருந்தால் வரி வெறும் அலங்காரம்.

ஒரு வரியைச் செதுக்கிப் பார்ப்போம்

ஒரு லாரி ஓட்டுநர் இப்படிச் சொல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இந்த வாகனம் எந்த நேரத்திலும் நிறுத்தப்படலாம், எனவே பின்னால் வருபவர்கள் தகுந்த இடைவெளி விட்டு வரவும்."

மொத்தம் 12 சொல், 54 எழுத்து. பின்கதவில் இதை அடக்க எழுத்தைச் சின்னதாக்கணும். சின்னதாக்கினால் படிக்கக் கிட்ட வரணும். தள்ளி வா என்று சொல்லவேண்டிய வரி, ஆளைப் பம்பர் வரைக்கும் இழுத்துவிடும். இங்கே நீளம் வெறும் அழகுப் பிரச்னை இல்லை, ஆபத்து.

முதல் வெட்டு: "இடைவெளி விட்டு வரவும்." 11 எழுத்துதான், தூரத்திலேயே படிக்கலாம். ஆனால் எல்லா லாரியிலும் பார்த்துப் பழகியதால் கண் நிற்காமல் கடந்துவிடும்.

இரண்டாவது முயற்சி:

உன் அவசரம் உனக்கு
என் பிரேக் எனக்கு

மேலே 11 எழுத்து, கீழே 9. இடைவெளி என்ற சொல்லே இல்லை. ஆனால் "இவர் எப்போ வேணும்னாலும் பிரேக் போடுவார்" என்பது படிப்பவருக்குத் தானாகப் புரிகிறது. 'உன்', 'என்' என்று ஓசை ஒத்துப்போவதால் ஒருமுறை படித்தாலே வாயில் நிற்கும். மரியாதைக்காக "உங்கள் அவசரம் உங்களுக்கு" என்று மாற்றினால் 4 எழுத்து கூடும், ஓசையும் உடையும். வண்டி முதுகில் 'நீ', 'உன்' சகஜமாகப் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல், 'வேண்டாம்', 'ஆதே'. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். "வேகம் வேண்டாம்" என்ற வரியில் கடைசிப் பாதியைச் சேறோ தொங்கும் கயிறோ மறைத்தால், மிஞ்சுவது 'வேகம்' மட்டும். "மெதுவா வா" என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. பாதி மறைந்தாலும் 'மெதுவா' சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, சொல்லை நடுவில் உடைப்பது. இடம் போதாமல் "வேண்" என்று மேலேயும் "டாம்" என்று கீழேயும் எழுதினால், கண் திரும்பப் போய்ப் படிக்கணும். அதற்குள் 2 விநாடி முடிந்துவிடும். பெயின்ட் எடுப்பதற்கு முன் சாக்பீஸால் கோடு போட்டு, எழுத்தை எண்ணிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, இடம். நம்பர் பிளேட், டெயில் லைட், ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஆகியவற்றின் மேல் வரி ஏறக் கூடாது. இரவில் பின்னால் வருபவருக்கு வரியை விட அவைதான் முக்கியம்.

நான்காவது, சுருக்கமாகவும் ஓசையோடும் இருந்தும் தோற்கும் வரிகள். பெண்ணை நம்பாதே என்கிற ரகத்து வரிகள் சட்டென்று மனதில் ஒட்டும். ஆனால் அதைப் படிப்பவர் பின்னால் ஸ்கூட்டரில் வரும் பெண்ணாக இருக்கலாம், அடுத்த சவாரிக்குக் கை காட்டப்போகிறவரும் அவராகவே இருக்கலாம். நன்றாக ஒட்டும் வரி என்றால், அவமானமும் அதே அளவு ஒட்டும்.

சோதிப்பது எப்படி?

எழுதியவரே படித்துப் பார்ப்பதில் பயனில்லை, அவருக்கு வரி முன்பே தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு, வரியை அறியாத ஒருவரைப் பின்னால் 30 எட்டு தள்ளி, வண்டிக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். அது ஏறத்தாழ 22 மீட்டர். அவரைத் திரும்பச் சொல்லி, 2 விநாடியில் மறுபடி முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் சொல் எதுவோ, அதுதான் வெட்டவேண்டிய சொல்.