வேற்றுமை உருபும் ஆங்கிலப் பிழையும்: கமுந்திங் மாணவர்க்கான சில பயிற்சிகள்

பேராக் மாநிலத்தின் கமுந்திங் போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதுகின்றனர். அவர்தம் ஆங்கில எழுத்தில் 'எ', 'தி' ஆகிய ஆர்ட்டிகள்களும் முன்னிடைச்சொற்களும் பிழைபடுவதைப் பரவலாகக் காண்கிறோம். தமிழிலும் மலாயிலும் ஆர்ட்டிகள் என்னும் சொல்வகை இல்லை. ஆயினும் அதன் பணியைத் தமிழ் வேறு வழியில் ஆற்றுகிறது. அவ்வழியையே பயிற்சிக்குக் கருவியாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

பயிற்சிக்கென நாம் அமைத்த தொடர்களைக் காண்போம்: 'புத்தகம் வாங்கினேன். புத்தகத்தை மேசையில் வைத்தேன்.' மாணவர் இதனை 'ஐ பாட் புக். ஐ புட் புக் இன் டேபிள்' என எழுதக்கூடும். முதல் தொடரில் உருபு தொக்கு நிற்கிறது. எப்புத்தகம் என்பது கேட்பவர்க்குத் தெரியாது. எனவே 'எ புக்'. இரண்டாவதில் ஐயுருபு வெளிப்பட்டுள்ளது. முன்னர்ச் சொன்ன புத்தகமே அது. எனவே 'தி புக்'.

இச்சோதனைக்கு எல்லை உண்டு. உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாகும்போது ஐயுருபைப் பெரும்பாலும் ஏற்கும். 'ஓர் ஆசிரியரைப் பார்த்தேன்' என்பதில் உருபு இருப்பினும் 'எ' என்பதே பொருந்தும். ஆகவே 'ஒரு', 'ஓர்' உள்ளதா என முதலில் பார்த்தல் வேண்டும். எழுவாய்க்கும் பிற வேற்றுமைகளுக்கும் ஐயுருபு உதவாது. அங்கு 'எந்த மேசை?' என வினவி, கேட்பவர்க்கு விடை தெரியுமெனில் 'தி' இடுதல் வேண்டும்.

முன்னிடைச்சொற் பிழையின் காரணம் வேறு. தமிழின் 'இல்' உருபு ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என மூன்றாகப் பிரிகிறது. மலாயின் 'டி' என்னும் சொல்லும் இம்மூன்றன் இடத்திலும் வருவதால், அம்மொழியறிவும் இங்குத் துணைசெய்வதில்லை. 'கமுந்திங்கில் வசிக்கிறோம்' என்பதில் ஊர் நம்மை உள்ளடக்கும் பரப்பு, எனவே 'இன்'. 'சுவரில் படம் மாட்டினாள்' என்பதில் சுவர் மேற்பரப்பு, எனவே 'ஆன்'. 'பேருந்து நிறுத்தத்தில் நின்றான்' என்பதில் நிறுத்தம் ஒரு புள்ளி, எனவே 'அட்'.

வகுப்பில் பத்து நிமிடப் பயிற்சியாக இதனை அமைக்கலாம். முதலில், ஆறு தமிழ்த் தொடர்களில் 'ஐ', 'இல்' உருபுகளை மாணவர் அடிக்கோடிடுவர். அடுத்து, ஐயுருபு உள்ள இடத்தில் மேற்கூறிய சோதனையைச் செய்து 'எ' அல்லது 'தி' எனக் குறிப்பர். 'இல்' உள்ள இடத்தில் 'உள்', 'மேல்', 'புள்ளி' என்பவற்றுள் ஒன்றை எழுதுவர். இறுதியாகவே ஆங்கிலத் தொடரை எழுதுவர். குறிப்புச் சரியாக இருந்தும் ஆங்கிலம் பிழைபடின், குறை நினைவில் உள்ளது; மீளெழுதச் செய்தல் போதும். குறிப்பே பிழைபடின், குறை புரிதலில் உள்ளது. தமிழ்த் தொடருக்கே திரும்ப வேண்டும். இவ்வேறுபாட்டை அறிய, திருத்தும் ஆசிரியர் விடையை மட்டுமன்றிக் குறிப்பையும் பார்த்தல் இன்றியமையாதது.