எந்தப் பென்சில் மலிவானது?
பயனீட்டாளர் மன்றத்தின் ஆய்வுக் கட்டுரை

பள்ளிக்கூடப் பொருள்களுள் விலை மிகக் குறைந்தது பென்சில். விலை குறைவு என்பதாலேயே அதனை எவரும் ஆராய்ந்து வாங்குவதில்லை. புத்தகப்பையை ஆண்டுக்கு ஒரு முறை வாங்குகிறோம். பென்சிலோ ஆண்டு முழுவதும் தேய்கிறது, ஒடிகிறது, காணாமற் போகிறது, மீண்டும் மீண்டும் வாங்கப்படுகிறது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது ஓயாத செலவாகும். ஆதலால் எங்கள் பயனீட்டாளர் மன்றம் மூன்று வகைப் பென்சில்களை ஒப்பிட்டு ஆராய முடிவு செய்தது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிருவர் இவ்வாய்வில் ஈடுபட்டோம்.

நிறுவனங்களின் பெயர்களை இங்கே நாங்கள் குறிப்பிடவில்லை. ஒப்பிடும் முறையை அனைவரும் அறிய வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். ஆகவே அவற்றை அ, ஆ, இ என்றே அழைப்போம். மூன்றையும் பன்னிரண்டு பென்சில் கொண்ட பெட்டிகளாக வாங்கினோம். அ வகைப் பெட்டியின் விலை 3 வெள்ளி. ஆ வகை 6 வெள்ளி. இ வகை 9 வெள்ளி 60 காசு. அதாவது ஒரு பென்சிலின் விலை முறையே 25 காசு, 50 காசு, 80 காசு ஆகும்.

ஆய்வு செய்த முறை

மூன்றும் 2பி என்று குறிக்கப்பட்டவை. இஃது இன்றியமையாத நிபந்தனை. பென்சிலின் உள்ளே இருக்கும் கரித்தண்டு, கிராஃபைட் என்னும் பொருளையும் களிமண்ணையும் கலந்து சுடப்படுவது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த கொந்தே என்பவர் 1795-ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமம் பெற்றார். களிமண் மிகுந்தால் தண்டு கடினமாகும்; எழுத்து மங்கலாகும். களிமண் குறைந்தால் தண்டு மென்மையாகும்; எழுத்து கருமையாகும்; ஆனால் விரைவில் தேயும். எனவே கடினமான பென்சிலையும் மென்மையான பென்சிலையும் பக்கத்தில் வைத்து, எது நீண்ட நாள் உழைக்கும் என்று கேட்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

எழுதும் கையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் அழுத்தி எழுதுவர். சிலர் மென்மையாக எழுதுவர். ஆகவே பன்னிருவரும் மூன்று வகையாலும் எழுதினோம். ஒவ்வொரு வகையாலும் பத்துப் பக்கம். ஒரே வகை நோட்டுப் புத்தகம். ஒரே பாடப் பகுதி. மழுங்கிய அலகு நல்ல முனையையும் ஒடித்துவிடும் என்பதால், சீவுவதற்கு அனைவரும் ஒரே மாதிரியான புதிய சீவிகளையே பயன்படுத்தினோம். முனை மழுங்கினாலோ ஒடிந்தாலோ மட்டுமே சீவினோம். எழுதுவதற்கு முன்னும் பின்னும் அடிக்கோலால் பென்சிலின் நீளத்தை அளந்தோம்.

விலையும் உழைப்பும்

பத்துப் பக்கம் எழுதிய பின்னர், அ வகை சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஆ வகையும் இ வகையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே குறைந்திருந்தன.

புதுப் பென்சிலின் நீளம் பதினேழரை சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதனைக் கையில் பிடித்து எழுதுவது கடினம். ஆகவே பயன்படும் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இந்த நீளத்தில் அ வகை ஒன்று 50 பக்கம் எழுதும். ஆ வகையும் இ வகையும் ஒவ்வொன்றும் 125 பக்கம் எழுதும்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். ஆ வகைப் பெட்டி ஒன்று 1,500 பக்கம் எழுதுகிறது. அதற்கான செலவு 6 வெள்ளி. அதே 1,500 பக்கத்தை அ வகையால் எழுத 30 பென்சில்கள், அதாவது இரண்டரைப் பெட்டி வேண்டும். செலவு 7 வெள்ளி 50 காசு. இ வகையால் எழுதினால் 9 வெள்ளி 60 காசு. கடையில் மிக மலிவாகத் தோன்றிய பென்சில், எழுதி முடித்துப் பார்க்கையில் ஆ வகையைவிட விலை கூடியதாயிற்று.

அ வகை ஏன் இவ்வளவு விரைவில் குறைந்தது? எழுதித் தேய்ந்ததைவிடச் சீவிக் கழிந்ததே மிகுதி. அதன் கரித்தண்டு பல பென்சில்களில் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அத்தகைய பென்சிலைச் சீவினால், ஒரு பக்கம் மரம் முனைவரை ஏறி நிற்கும். மறுபக்கம் கரித்தண்டு தாங்குவாரின்றி வெளியே தெரியும். எழுதும்போது மரம் தாளைக் கீறும். அழுத்தினால் முனை ஒடியும். மீண்டும் சீவ வேண்டிவரும்.

விழுந்தால் என்ன ஆகும்?

வகுப்பில் பென்சில் கீழே விழாத நாள் இல்லை. ஆகவே மேசை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து பென்சில்களை மும்மூன்று முறை விழச் செய்தோம். வெளியே எந்தச் சேதமும் தெரியவில்லை. சீவிப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அ வகையில் நான்கு பென்சில்களிலும், இ வகையில் இரண்டிலும், ஆ வகையில் ஒன்றிலும் முனை துண்டாகக் கழன்று விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் மரத்தின் உள்ளேயே தண்டு முறிந்துவிடுகிறது. சீவச் சீவ முனை ஒடியும் பென்சிலைக் கண்டால், அது முன்பே விழுந்து உள்முறிவு கண்டது என்று ஐயுறலாம். விலை உயர்ந்த பென்சிலும் இதற்கு விலக்கன்று.

மாணவர் மனநிறைவு

மூன்று வகைகளையும் வெள்ளைத் தாளால் சுற்றி, பெயரும் படமும் தெரியாதவாறு மறைத்தே எழுதினோம். எழுத்தின் கருமை, அழிப்பானால் அழியும் தன்மை, கைக்கு இதம் ஆகிய மூன்றுக்கும் ஐந்தைந்து புள்ளிகள் அளித்தோம். பதினைந்துக்கு அ வகை சராசரியாக 8 புள்ளிகளும், ஆ வகையும் இ வகையும் 12 புள்ளிகளும் பெற்றன. பின்னர்த் தாளைப் பிரித்துவிட்டு, "எதனை வாங்குவீர்கள்?" என்று கேட்டோம். பன்னிருவருள் ஒன்பதின்மர் படம் போட்ட இ வகையையே விரும்பினர். கையும் கண்ணும் சமம் என்று கூறிய இரண்டினுள் ஒன்றைப் படம் உயர்த்திவிட்டது. பெட்டி ஒன்றுக்கு 3 வெள்ளி 60 காசு அந்தப் படத்திற்காகவே போகிறது.

எல்லையும் பயனும்

நாங்கள் ஆராய்ந்தது வகைக்கு ஒரு பெட்டி மட்டுமே. அதே பெயருடைய வேறொரு பெட்டி வேறு விதமாக இருக்கக்கூடும். எனவே இம்முடிவு எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும் என்று நாங்கள் கூறமாட்டோம். நடுத்தர விலையே எப்பொழுதும் சிறந்தது என்றும் கொள்ளலாகாது.

பெற்றோர்களே, கடையில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு உள்ளன. சீவாத நுனியைப் பாருங்கள். கரித்தண்டு சரியாக நடுவில் உள்ளதா என்று கவனியுங்கள். நுனி சாயத்தால் மூடப்பட்டிருந்தால் இதனைக் காண இயலாது. பின்னர், பென்சிலை மேசைமீது உருட்டுங்கள். ஒரு பக்கம் எழும்பித் தாழ்ந்தால் அது வளைந்திருக்கிறது. இயன்றால் முதலில் ஒரே ஒரு பென்சிலை வாங்கி, பிள்ளையைப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லி, குறைந்த நீளத்தை அளந்து பாருங்கள். பெட்டியாக வாங்குவதை அதன் பின்னர் முடிவு செய்யலாம்.

மாணவர்களே, பென்சிலை மேசையின் ஓரத்தில் வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் ஆய்வில் கண்டவாறு, கீழே விழுந்த நல்ல பென்சிலும் மலிவுப் பென்சிலைப் போலவே சீவியிலே கழிந்துவிடும்.