குழாய் நடுவே ஒரு ‘ப’

சாயப்பட்டறையோ காகித ஆலையோ, பாய்லர் உள்ள பெரிய ஆலைக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே நீராவிக் குழாய் ஓடுவதைப் பார்க்கலாம். நேராகப் போய்க்கொண்டிருக்கும் குழாய் ஓரிடத்தில் பக்கவாட்டில் திரும்பும். சில மீட்டர் போய் மறுபடி திரும்பி, வளைந்து, பழைய பாதைக்கே வந்து சேரும். மேலிருந்து பார்த்தால் ‘ப’ எழுத்து போல இருக்கும். அங்கே குறுக்கே தூணும் கிடையாது, சுவரும் கிடையாது. எதையும் சுற்றிப் போகாத அந்தச் சுற்றுக்காக நான்கு எல்போ, பத்துப் பன்னிரண்டு மீட்டர் கூடுதல் குழாய், வெல்டிங், அதன் மேல் காப்புறை எனச் செலவு செய்திருப்பார்கள்.

அதன் பெயர் விரிவு வளையம். தளத்தில் வேலை செய்பவர்களுக்கு அது வெறும் ‘லூப்’. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு குழாயை வைத்துக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பாய்லரிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குப் போகும் 6 அங்குல இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருத்தும் நாளில் அதன் வெப்பநிலை 30 டிகிரி. உள்ளே வரப்போவது 9 கிலோ அழுத்தத்தில் உள்ள நீராவி. அதன் வெப்பநிலை 180 டிகிரி. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூடேறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் 100 மீட்டர், 150 டிகிரி என்று பெருக்கினால் 180 மில்லிமீட்டர் வருகிறது. வால்வைத் திறந்து குழாய் முழுக்கச் சூடேறுவதற்குள் அது ஏறக்குறைய ஒரு சாண் நீண்டிருக்கும். வார விடுமுறைக்கு பாய்லரை அணைத்தால் அதே அளவு சுருங்கும். அதே இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இருந்தால் நீட்சி 255 மில்லிமீட்டர்.

இரண்டு முனைகளையும் கான்கிரீட்டில் இறுக்கிவிட்டால் நீளாதே என்று தோன்றலாம். நீள முடியாத இரும்பு, தன்னைப் பிடித்திருப்பதைத் தள்ளும். நம் குழாயின் சுவரில் உள்ள இரும்பின் குறுக்குப் பரப்பு 3,600 சதுர மில்லிமீட்டர். 150 டிகிரி வேறுபாட்டை முழுதாகத் தடுத்தால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் சுமார் 36 கிலோ அழுத்தம் ஏறும். கூட்டினால் 130 டன். சரக்கு ஏற்றிய 30 டன் லாரிகள் நான்கை ஒரு குழாயின் நுனியில் நிறுத்தியதைவிட அதிகம். நீராவிக்குப் பயன்படும் சாதாரணக் கார்பன் ஸ்டீல் சதுர மில்லிமீட்டருக்கு 24 கிலோ அளவிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். ஆகவே 130 டன்னை எட்டும் முன்பே ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும். குழாய் பக்கவாட்டில் வில்லாக வளையும், அல்லது தாங்கியின் கான்கிரீட் பிளக்கும், அல்லது பாய்லரின் வாய்ப்பகுதியில் வெல்டிங் கிழியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 130 டன் என்ற எண்ணில் நீளத்துக்குப் பங்கே இல்லை. முழுதாகத் தடுக்கப்பட்டால் ஒரு மீட்டர்க் குழாயும் ஒரு கிலோமீட்டர்க் குழாயும் ஒரே விசையில்தான் தள்ளும். பிறகு ஏன் நீளமான குழாய்க்கு மட்டும் லூப்? ஐந்து மீட்டர்க் குழாய் நீள்வது 9 மில்லிமீட்டர்தான். வழியில் இருக்கும் ஒரு வளைவின் நெகிழ்வே அதை வாங்கிக்கொள்ளும். 100 மீட்டரில் சேரும் ஒரு சாண் நீட்சியை அப்படி வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அதற்கென்று தனியாக ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

‘ப’ செய்வது அந்த வேலை. குழாயின் இரண்டு கோடிகளையும் அசையாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்கு ஆங்கர் என்று பெயர். லூப் நடுவில் வரும். சூடேறும்போது இரண்டு பக்கத்துக் குழாயும் நடுவை நோக்கி நீள, ‘ப’வின் இரண்டு கால்களும் ஒன்றை ஒன்று நோக்கி வளைகின்றன. நேர்க்குழாயை நீளவாட்டில் அமுக்குவதற்கு நூறு டன் தேவைப்பட்டாலும், நீண்ட காலைப் பக்கவாட்டில் வளைக்க மிகச் சிறிய விசை போதும். மூங்கில் கழியை நுனியிலிருந்து உள்ளே அமுக்க யாராலும் முடியாது, வளைக்கச் சிறுவனாலும் முடியும்.

கால்கள் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு முன், எவ்வளவு அசைவுக்கு இடம் விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தினசரி ஓட்டத்தின் 180 டிகிரியையும் பொருத்திய நாளின் 30 டிகிரியையும் வைத்துக் கணக்கை முடித்துவிடக் கூடாது. பாய்லர் நின்றுபோன மார்கழி விடியலில் குழாய் 20 டிகிரிக்கு இறங்கலாம். அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறக்கும் நேரத்தில் நீராவி 190 டிகிரியை நெருங்கலாம். குழாய் தன் வாழ்நாளில் காணக்கூடிய மிகக் குளிர்ந்த நிலைக்கும் மிகச் சூடான நிலைக்கும் உள்ள இடைவெளியே கணக்குக்கு உரியது. இங்கே அது 170 டிகிரி. நீட்சி 204 மில்லிமீட்டர். வழக்கமாகக் குளிர்ந்த எண்ணெய் போகும் குழாயையும் வருடத்துக்கு ஒருமுறை நீராவி விட்டுக் கழுவுவார்கள் என்றால், அந்த ஒரு நாளின் வெப்பத்துக்குத்தான் இடம் விட வேண்டும்.

இனி கால்களின் நீளம். ஆலைக் குழாய்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. பி31.3, எளிய அமைப்புகளைச் சரிபார்க்க ஒரு சுருக்கமான வழியைத் தருகிறது. குழாயின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, நீட்சியின் மில்லிமீட்டரால் பெருக்கி, 208ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ‘ப’வின் இரண்டு கால்களுக்கும் சேர்த்துத் தேவையான நீளம் மீட்டரில் கிடைக்கும். நம் குழாயின் வெளிவிட்டம் 168. 204ஆல் பெருக்கி 208ஆல் வகுத்தால் 165. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 12.8. ஒரு காலுக்கு 6.4 மீட்டர்.

ஆலை நெருக்கமாக இருந்தால் பக்கவாட்டில் ஆறரை மீட்டருக்கு எங்கே போவது? நடுவிலும் ஒரு ஆங்கர் போட்டு, 50 மீட்டருக்கு ஒன்றாக இரண்டு லூப் வைக்கலாம். நீட்சி பாதியாகும், ஆனால் கால் பாதியாகாது. வர்க்கமூலம் குறுக்கே நிற்பதால் ஒவ்வொரு காலும் 4.5 மீட்டராகத்தான் குறையும். மொத்தத்தில் குழாயும் எல்போவும் கூடும். அதனால் இடம் இருக்கும் இடத்தில் ஒரே பெரிய லூப் வைப்பதே நல்லது. இந்தச் சூத்திரம் முதல் கணிப்புக்குத்தான். கால்கள் சமமாக இல்லாத லூப்புக்கு இது பொருந்தாது, பாய்லர் வாய்க்கு எவ்வளவு விசை போகிறது என்றும் இது சொல்லாது. அவற்றுக்கு முழுமையான கணினிப் பகுப்பாய்வு வேண்டும். நீராவிக் குழாயில் லூப்பைப் படுக்கைவாட்டில் வைப்பதே வழக்கம். நிமிர்த்தி வைத்தால் ஏறும் காலின் அடியில் தண்ணீர் தேங்கி, நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சம்மட்டிபோல் அடிக்கும்.

லூப்பைச் சரியாகக் கட்டிவிட்டு, மற்ற இடங்களில் குழாய் அசையும் என்பதையே மறந்துவிடும் ஆலைகள் உண்டு. ஆங்கரிலிருந்து 40 மீட்டர் தள்ளி உள்ள புள்ளி சுமார் 82 மில்லிமீட்டர் நகரும். அங்கிருந்து ஓர் இயந்திரத்துக்கு 1 அங்குலக் கிளைக்குழாய் எடுத்திருந்தால் அதன் வேரும் அவ்வளவு நகரும். அந்தக் கிளை எங்கும் பிடிக்கப்படாமல் ஏறக்குறைய 3 மீட்டராவது போன பிறகுதான் முதல் கிளாம்ப் வரலாம். அரை மீட்டரிலேயே சுவரோடு இறுக்கிவிட்டால் லூப் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை, கிளையின் வெல்டிங் விரிசல் விடும். குழாயைத் தாங்கும் ‘ஷூ’ என்ற இரும்புக் காலணியும் பீமின் மேல் வழுக்கிப் போக வேண்டும். நகர்ந்த பிறகும் அது பீமைவிட்டு இறங்காத அளவு நீளமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு இடம் பிடிக்கும் லூப்புக்குப் பதிலாக, ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்புள்ள பெல்லோஸ் என்ற இணைப்பை வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் குழாயின் அழுத்தமே துருத்தியை இழுத்துப் பிரிக்கப் பார்க்கும். நம் குழாயிலேயே அந்தத் தள்ளல் இரண்டு டன்னைத் தாண்டும். அதைத் தாங்கும் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை காட்டியது. பழுதான ஓர் உலையை அகற்றிவிட்டு, இரு பக்க உலைகளுக்கும் இடையே 20 அங்குலத் தற்காலிகக் குழாயை இரண்டு பெல்லோஸ்களுக்கு நடுவே பொருத்தியிருந்தார்கள். அதன் வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. தாங்கி நின்றது சாரம். குழாய் பிய்ந்து, வெளியேறிய வாயு வெடித்து 28 பேர் இறந்தார்கள். ‘ப’ வெறும் குழாய்தான். பிரிந்துபோகும் மடிப்பு அதில் இல்லை. இடம் இருக்கும்வரை அதையே தேர்ந்தெடுப்பது சரி.

ஆயிரம் கிலோமீட்டர்க் குழாய்க்கும் கணக்கு இதுவேதான். 1977இல் ஓடத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் நீளம் சுமார் 1,290 கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் தரைக்கு மேலே போகிறது. மண்ணுக்குள் புதைந்த பகுதியைச் சுற்றியுள்ள மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மேலே உள்ள குழாய் மைனஸ் 51 டிகிரிக் குளிரையும், ப்ளஸ் 63 டிகிரி எண்ணெயையும் தாங்க வேண்டும். அங்கே தனி லூப்கள் கட்டாமல் குழாயையே கோணல்மாணலாகப் போட்டார்கள். 219 மீட்டர் நேர்த்துண்டு ஒன்று 23 செண்டிமீட்டர் நீளும்போது, அது அடுத்த திருப்பத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. குழாய் டெஃப்லான் பூசிய ஷூவில் உட்கார்ந்து குறுக்குப் பீமின் மேல் வழுக்குகிறது. இணைத்த நாளின் நிலையிலிருந்து சூட்டில் 2.4 மீட்டர், குளிரில் எதிர்ப்பக்கம் 1.2 மீட்டர் வரை அது நகர இடம் விட்டிருக்கிறார்கள்.

நம் ஆலைகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் பராமரிப்பில்தான். ஷூ ஆடுகிறதே என்று யாரோ அதைப் பீமோடு சேர்த்து வெல்டிங் செய்துவிடுவார்கள். அந்த நாளிலிருந்து அந்த இடம் ஆங்கர். வரைபடத்தில் இல்லாத ஆங்கர். அதற்கும் அடுத்த ஆங்கருக்கும் இடையே லூப் இல்லாவிட்டால் குழாய் அடைபட்டுவிட்டது. சில மாதங்களில் ஃபிளேஞ்சில் கேஸ்கட் அடிக்கடி ஒழுகும், பம்பு இணைப்பு கோணும், நேராக இருந்த குழாய் வில்லாகத் தெரியும். கேஸ்கட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மூல காரணம் இருபது மீட்டர் தள்ளி ஒரு வெல்டிங் தையலில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. பாய்லர் அணைந்து குழாய் முழுக்கக் குளிர்ந்த நாளில், ஒவ்வொரு ஷூவிலும் அதன் கீழுள்ள பீமிலும் ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். நீராவி திறந்து இரண்டு மணி நேரம் கழித்து, பாதுகாப்பான இடத்தில் நின்று அந்தக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். 180 டிகிரிக் குழாயில் ஆங்கரிலிருந்து 10 மீட்டரில் 18 மில்லிமீட்டர், 20 மீட்டரில் 36 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். எந்த ஷூவில் கோடு விலகவில்லையோ, அங்கே குழாயை ஏதோ பிடித்திருக்கிறது.