மூன்று மாதத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

"அடுத்த காலாண்டு முதல் கட்டணம் சற்று மாற்றியமைக்கப்படுகிறது. வங்கி வழியே செலுத்தவும்." கோ-ஒர்க்கிங் அலுவலகங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பும் புதுப்பிப்புச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மரியாதைக்குக் குறைவில்லை, விவரம்தான் இல்லை.

ஒரு மேசைக்கு மாதம் 6,500 ரூபாய் வாங்கிய இடம் அதை 7,200 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் மூன்றால் பெருக்கி 21,600 ரூபாயை அனுப்பிவிடுவார். 18 சதவீத ஜிஎஸ்டி 3,888 ரூபாய் பாக்கி நிற்கும். பிறகு நினைவூட்டல், விளக்கம், மனத்தாங்கல்.

திருத்திய செய்தி இப்படி அமையலாம்: "ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை உங்கள் மேசைக்கு மாதக் கட்டணம் 7,200 ரூபாய் (இதுவரை 6,500). மூன்று மாதத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 25,488 ரூபாய். டிசம்பர் 26-க்குள் நெஃப்ட் அல்லது யுபிஐ மூலம் செலுத்துங்கள்; குறிப்பில் உறுப்பினர் எண்ணை எழுதுங்கள். தொடர விருப்பமில்லையெனில் டிசம்பர் 20-க்குள் தெரிவியுங்கள்."

பழைய தொகையை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

வங்கிக் கணக்கு மாறினால் கூடுதல் கவனம் தேவை. "கணக்கு எண் மாறிவிட்டது" என்பது மோசடிக்காரர்களும் அனுப்பும் வாசகம். எனவே, ஏற்கெனவே தெரிந்த வரவேற்பு எண்ணில் அழைத்து உறுதிசெய்யச் சொல்லும் ஒரு வரி அவசியம். அந்த எண்ணைப் பழைய ரசீதிலிருந்து எடுக்கச் சொல்வது இன்னும் பாதுகாப்பு.