கட்டைவிரல் கணக்கு

ஸ்டீம் கடையில் ஏதாவது ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால், மேலேயே நீல எழுத்தில் இரண்டு சொற்கள் நிற்கும்: Very Positive. அதன்மேல் மவுஸை வைத்தால் எண்ணும் வரும். இத்தனை ஆயிரம் விமர்சனங்களில் 91 சதவீதம் நல்லவை என்று சொல்லும். முதல் வகுப்பிலிருந்தே நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 91 என்றதும் கேம் நூற்றுக்கு 91 வாங்கியிருக்கிறது என்று மனம் தானாகவே படித்துக்கொள்கிறது. பணம் போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்டீம் யாரிடமும் மார்க் கேட்பதில்லை. 2013-ல் விமர்சனப் பகுதியைத் தொடங்கிய நாளிலிருந்து அது கேட்பது ஒரே கேள்வி: இந்த கேமை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா? கட்டைவிரல் மேலே, அல்லது கீழே. நடுவில் எதுவும் கிடையாது. ‘பொழுது போச்சு, அவ்வளவுதான்’ என்பவருக்கும் மேல்விரல்தான். ‘இப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை’ என்பவருக்கும் அதே மேல்விரல்தான். நூறு பேர் விளையாடி அதில் 95 பேர் ‘பரவாயில்லை’ என்று நினைத்தால் அந்த கேமுக்கு 95 சதவீதம். இன்னொரு கேமில் 75 பேர் மயங்கிப்போய், 25 பேர் வெறுத்து எறிந்தால் 75 சதவீதம். இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை எண் சொல்லாது. யாரையும் உறுத்தாத கேமுக்கு மேலே போவது எளிது. துணிந்து ஏதாவது செய்து பார்க்கும் கேம் கீழே நிற்கும். எழுபதுகளில் நிற்கும் கேம்களைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன் என்பதற்கு இதுவே காரணம்.

சதவீதத்தைச் சொல்லாக்கும்போது இன்னும் கொஞ்சம் தகவல் உதிர்ந்துவிடுகிறது. 40 முதல் 69 வரை எல்லாவற்றுக்கும் Mixed என்ற ஒரே பெயர். 70-ஐத் தொட்டதும் Mostly Positive ஆகி, எழுத்தும் நீலமாகிவிடும். 69-ல் நிற்கும் கேமுக்கும் 41-ல் நிற்கும் கேமுக்கும் ஒரே பட்டம். 69-க்கும் 70-க்கும் வேறு வேறு. உச்சியில் இருக்கும் Overwhelmingly Positive என்ற பட்டத்துக்கு 95 சதவீதம் மட்டும் போதாது, குறைந்தது 500 விமர்சனங்களும் வேண்டும். அதனால் சின்னக் குழு செய்த அருமையான கேம், போதுமான ஆட்கள் எழுதவில்லை என்பதாலேயே கீழ்ப்படியில் நிற்கலாம்.

ஆட்களின் எண்ணிக்கை சும்மா விஷயமில்லை. பத்துப் பேர் எழுதி பத்துப் பேரும் பாராட்டினால் 100 சதவீதம். அந்தப் பத்துப் பேரும் தயாரித்தவரின் நண்பர்களாகவே இருக்கலாம். ஸ்டீம் தரவுகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்டீம்டிபி தளம் இதற்கென்று ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது. விமர்சனங்கள் குறைவாக இருந்தால் சதவீதத்தை 50-ஐ நோக்கி இழுத்துவிடும். விமர்சனங்கள் பத்து மடங்கு கூடக்கூட அந்த இழுப்பு பாதியாகும். அந்தக் கணக்குப்படி, பத்துக்குப் பத்து வாங்கிய கேமுக்கு ஏறக்குறைய 76 கிடைக்கும். ஆயிரம் பேரில் 920 பேர் பாராட்டிய கேமுக்கு 87. கடைப் பக்கத்தில் 100 என்று இருப்பது 92 என்று இருப்பதைவிட உண்மையில் பலவீனமான சான்று.

இன்னொரு கேள்வி, எழுதுபவர்கள் யார் என்பது. கேமைத் தன் கணக்கில் வைத்திருந்து, கொஞ்ச நேரமாவது ஆடியவர்தான் எழுத முடியும். அதாவது, வாங்கத் தயாராக இருந்தவர்கள் மட்டும். பாகற்காய் பிடித்தவர்கள் மட்டும் வரும் கடையில் பாகற்காய்க்கு 97 சதவீதம் வருவதில் வியப்பில்லை. சரக்கு ரயிலை மணிக்கணக்கில் ஓட்டும் சிமுலேட்டரும், வெறும் வாசிப்பாகவே நகரும் ஜப்பானிய பாணி விஷுவல் நாவலும் அடிக்கடி மிக உயர்ந்த சதவீதம் காட்டுவது இதனால்தான். அவற்றைப் பிடிக்காதவர் வாங்கவே இல்லை. அதனால் கணக்கிலும் இல்லை. டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகளில் இது இன்னும் கூர்மையாகும். முதல் கேமை நாற்பது மணி நேரம் ஆடி மகிழ்ந்தவர்தான் அதை வாங்குகிறார். பெரிய ஹிட் கேமின் நிலை நேரெதிர். விளம்பரத்தையும் யூடியூபையும் பார்த்து, அந்த வகையே பழக்கமில்லாதவர்கள்கூட வாங்குகிறார்கள். சதவீதம் சரிகிறது. கேம் மோசம் என்பதால் அல்ல, தவறான ஆட்களிடமும் போய்ச் சேர்ந்தது என்பதால்.

அடுத்தது காலம். இங்கேதான் கணக்கு வாங்குபவரை அதிகம் ஏமாற்றுகிறது. 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது, சொன்னதில் பாதி கேமில் இல்லை என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு விமர்சனங்கள் மலைபோல் குவிந்தன. தயாரித்த ஹலோ கேம்ஸ் நிறுவனம் ஓடிப்போகவில்லை. ஆண்டுதோறும் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. ஆனால் மொத்தக் கணக்கில் அது Very Positive ஆனது 2024 நவம்பரில்தான். எட்டு ஆண்டுகள். ஏன் இவ்வளவு தாமதம் என்பதை ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஒரு கேம் முதல் மாதத்தில் ஒரு லட்சம் விமர்சனம் வாங்கி, அதில் 30 சதவீதம்தான் நல்லவை என்று வையுங்கள். பிறகு கேம் அடியோடு திருந்தி, புதிதாக எழுதுபவர்களில் 95 சதவீதம் பேர் பாராட்டுகிறார்கள். அப்படியும் மொத்தம் 80-ஐத் தொட இன்னும் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுத வேண்டும். முதல் மாதக் கூட்டம் அதற்குப் பிறகு எந்த மாதமும் வராது. ஆக அந்த எண் இன்றைய கேமை அல்ல, பழைய கோபத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இது தலைகீழாகவும் நடக்கும், அதுதான் கூடுதல் ஆபத்து. ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெயர், போன மாத அப்டேட் கேமைக் கெடுத்ததை மறைத்து நிற்கும். இதற்காகவே 2016-ல் ஸ்டீம் Recent Reviews என்று கடைசி 30 நாட்களுக்குத் தனி வரி கொடுத்தது. மொத்த வரியும் இந்த வரியும் வேறு வேறு கதை சொன்னால், ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். என்ன நடந்தது என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு ஹெல்டைவர்ஸ் 2 நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் வெளியாகி ஓகோவென்று ஓடிய கேம். மே மாதத் தொடக்கத்தில், கணினியில் ஆடுபவர்களும் இனி பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. சில நாட்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கீழ்விரல்கள் விழுந்தன. சோனி பின்வாங்கியது. பிறகு அதே ஆட்களில் பலர் போய்த் தங்கள் விமர்சனத்தைத் திரும்ப மேல்விரலாக மாற்றினார்கள். இத்தனை நடந்தபோதும் கேமின் துப்பாக்கியோ பூச்சிகளோ ஒரு இம்மியும் மாறவில்லை. அந்த வாரம் பக்கத்தைத் திறந்து சிவப்பு எழுத்தைப் பார்த்தவர், கேம் குப்பை என்று மூடியிருப்பார்.

இதை ‘ரிவ்யூ பாம்பிங்’ என்பார்கள். வெறும் சத்தம் என்று இதை ஒதுக்கிவிடுவதும் தவறு. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிடையாது. இலங்கையும் அவற்றில் ஒன்று. சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு கூடுதல் லாகின் தொல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கோ, காசு கொடுத்து வாங்கிய கேமே கைவிட்டுப் போகும் பிரச்சினை. ஒரே கீழ்விரல், ஒருவருக்குப் பயனற்றது, மற்றவருக்கு உயிரானது. 2019 முதல், கேமோடு தொடர்பில்லாத கூட்டக் கோபம் என்று ஸ்டீம் கருதும் நாட்களின் விமர்சனங்களை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடும் வசதியும் உண்டு. கேமின் விற்பனை வேறு கடைக்குப் போனதற்காக அதே ஆண்டு ஏப்ரலில் பார்டர்லேண்ட்ஸ் தொடரின் பழைய கேம்கள் அடி வாங்கியபோது அது பயன்பட்டது. ஆனால் எது தொடர்புள்ளது, எது இல்லை என்று முடிவு செய்வது கடைக்காரர். நான் அந்த நாட்களின் விமர்சனங்களையும் ஒருமுறை திறந்து படித்துவிடுவேன்.

மொழியும் இப்படித்தான் குழப்பும். 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்: சில்க்சாங் வந்தபோது ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கொண்டாடினார்கள். சீன மொழியில் எழுதியவர்களில் பாதிக்கு மேல் முதல் நாட்களில் கீழ்விரல் காட்டினார்கள். அவர்களுடைய முக்கியக் குறை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் ஆடப்போகிறவருக்கு அந்தக் குறை பொருந்தாது. இரண்டையும் கலந்து கூட்டினால் வரும் எண் யாருடைய அனுபவமும் அல்ல. நல்லவேளையாக, அதற்கு ஒரு மாதம் முன்புதான், விமர்சனங்கள் நிறைய உள்ள கேம்களுக்கு மொழிவாரியாகத் தனிச் சதவீதம் காட்ட ஸ்டீம் தொடங்கியிருந்தது.

சரி, எதைத்தான் பார்ப்பது? விமர்சனப் பகுதியின் மேலேயே மாதவாரியான பட்டை வரைபடம் இருக்கிறது. 2017 முதல் உண்டு. பலர் அதைத் தாண்டிப்போகிறார்கள். அதில் திடீரென்று சிவப்புப் பட்டை நீண்டிருக்கும் இடத்தைச் சொடுக்கினால் அந்தக் காலத்து விமர்சனங்கள் மட்டும் வரும். நான்கைந்து படித்தாலே காரணம் தெரிந்துவிடும்: சர்வர் தகராறா, விலை ஏற்றமா, அரசியலா, கேமே கெட்டதா.

பிறகு கீழ்விரல் காட்டியவர்களை மட்டும் வடிகட்டிப் படிப்பேன். ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும், எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்பது இருக்கும். அரை மணி நேரத்தில் எழுதியவர் பெரும்பாலும் கேம் திறக்கவே இல்லை என்பார். உங்கள் கணினியும் அவருடையதும் ஒத்த வகை என்றால் அது முக்கியம். இரண்டாயிரம் மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுபவர் கடைசி அப்டேட்டைத் திட்டுகிறார். புதிதாக வருபவருக்கு அது புரியக்கூடப் புரியாது. பத்திலிருந்து முப்பது மணி நேரம் ஆடி, பொறுமையாகக் குறை சொல்பவர்தான் எனக்கு வேண்டிய ஆள். அவர் சொல்லும் குறை என்னை உறுத்துமா என்று பார்த்தால் போதும். ‘சண்டை குறைவு, பேச்சு அதிகம்’ என்று அவர் அலுத்துக்கொண்டால், எனக்கு அதுவே வாங்கச் சொல்லும் காரணமாகிவிடும்.

கடைசியில் ஸ்டீம் தரும் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். உங்கள் கணினியில் கேம் ஓடுகிறதா, கைக்குப் பிடிபடுகிறதா என்பதற்கு இது எந்தச் சதவீதத்தையும்விட நம்பகமான சோதனை. நீளமான கேம்களுக்கு மட்டும் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பயன்படுத்த வேண்டும். அறுபது மணி நேர கேமில் முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் தயாரிப்பாளர்கள் அதிகம் இழைத்திருப்பார்கள்.