யாரைக் கேட்பது, யார் சொல்வது?

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். நான் சங்கச் செயலாளராக இருந்த வருடம், மழைக்கு முன்பாக மொட்டைமாடிக் கசிவை அடைத்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் வேலையைத் தொடங்கினோம். பழைய தளத்தைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனப் பூச்சு இரண்டு கோட் அடித்தார்கள். அதன் பிறகு மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூலிங் டைல்ஸ் பதிக்க வேண்டும்.

பூச்சு காய்ந்த அன்று மேஸ்திரி எங்கள் தலைவருக்குப் போன் செய்தார். "டைல்ஸ் போட்டுடலாமா சார்?" தலைவர், "இன்ஜினியர் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். இன்ஜினியர் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். அவர் மாடிக்கு வந்து பார்த்தார். "பூச்சு நல்லாத்தான் இருக்கு. தண்ணி நிறுத்திப் பார்த்துட்டுப் போடுறது நல்லது" என்றார். மேஸ்திரி அடுத்து என்னை அழைத்தார். "இன்ஜினியர் பார்த்துட்டாரா? அப்போ சரி" என்று நான் சொன்னேன். மறுநாள் டைல்ஸ் பதிக்கத் தொடங்கினார்கள். வேலை முடிந்ததும் பொருளாளர் இரண்டாம் தவணையைக் கொடுத்தார். தண்ணீர் நிறுத்திப் பார்க்கவே இல்லை. முதல் கனமழைக்கே மேல்மாடி வீடுகள் இரண்டில் கூரை ஒழுகியது. பதித்த டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஓட்டையைத் தேட வேண்டியிருந்தது.

இதில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. இன்ஜினியர் தன்னை ஆலோசனை சொல்பவராக நினைத்தார். நான் அவரை அனுமதி கொடுப்பவராக நினைத்தேன். "நல்லது" என்று அவர் சொன்ன யோசனை, என் வாய் வழியாக மேஸ்திரியிடம் போனபோது உத்தரவாகிவிட்டது. தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "பொறுப்பு" என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வேலையைச் செய்பவரும் பொறுப்பு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் பொறுப்பு. "இதுக்கு நீங்க பொறுப்பு" என்று ஒருவரிடம் சொன்னால், இரண்டில் எது என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டத் திட்ட மேலாண்மைத் துறையில் ஓர் அட்டவணை உண்டு. நான்கு பங்குகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ரேசி' என்பார்கள். இடப்பக்கம் வேலைகள், மேலே ஆட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. நாங்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டோம்: 'செ' என்றால் செய்பவர், 'ஒ' என்றால் ஒப்புதல் தந்து அதற்குப் பதில் சொல்பவர், 'ஆ' என்றால் ஆலோசனை சொல்பவர், 'அ' என்றால் அறிவிக்கப்படுபவர்.

பிப்ரவரியில் தளம் நன்றாக உலர்ந்ததும் வேலையை மறுபடி தொடங்கினோம். அதற்கு முன்பு போட்ட அட்டவணையில் முக்கியமான நான்கு வரிகள் இவை:

| வேலை | தலைவர் | செயலாளர் | பொருளாளர் | இன்ஜினியர் | ஒப்பந்தக்காரர் | மேல்மாடி வீட்டார் |
|---|---|---|---|---|---|---|
| ஒப்பந்தக்காரரை முடிவு செய்தல் | ஒ | செ | ஆ | ஆ | | அ |
| மாடிப் பொருட்களை அகற்ற வைத்தல் | | ஒ, செ | | | அ | அ |
| தண்ணீர் நிறுத்திச் சோதித்தல் | | அ | அ | ஒ | செ | ஆ |
| இரண்டாம் தவணை கொடுத்தல் | அ | ஒ | செ | ஆ | அ | |

இதில் மீறக் கூடாத விதி ஒன்றே: ஒரு வரியில் ஒரே ஒரு 'ஒ'தான் இருக்கலாம். இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதினால், ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அல்லது எளிதில் சரி சொல்பவரிடம் மேஸ்திரி போவார். 'செ' எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருவராவது வேண்டும். இரண்டாம் வரியில் இருப்பதைப் போல, சின்ன வேலைகளில் ஒருவரே செய்து, அவரே பதிலும் சொல்லலாம்.

'ஆ'வுக்கும் 'அ'வுக்கும் உள்ள வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. ஆலோசனை சொல்பவரை முடிவுக்கு முன்பு கேட்க வேண்டும். அவர் பேச்சைக் காதில் வாங்க வேண்டும், ஆனால் முடிவு அவருடையது அல்ல. அறிவிக்கப்படுபவருக்கு முடிவான பிறகு சொன்னால் போதும். சோதனை வரியில் மேல்மாடி வீட்டாருக்கு 'ஆ' போட்டதற்குக் காரணம் உண்டு. கசிவு முதலில் தெரிவது அவர்கள் வீட்டுக் கூரையில்தான். அவர்களிடம் கேட்காமல் சோதனையில் தேறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அந்த மூன்றாம் வரியின் 'ஒ'தான். இன்ஜினியர் தயங்கினார். "நான் சம்பளம் வாங்குறவன் இல்லை. நிறுத்துன்னு சொன்னா ஒப்பந்தக்காரர் நிறுத்துவாரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவருக்கு 'ஒ' போட்டால் அது வெறும் எழுத்துதான். அதனால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தோம்: இன்ஜினியர் கையெழுத்திட்ட பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும், அந்தக் கையெழுத்து இருந்தால்தான் இரண்டாம் தவணை. அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் கையெழுத்திடுவார் என்பதையும் எழுதினோம்.

அட்டவணையை எழுதி முடித்த பிறகு இரண்டு விதமாகப் படித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே படித்தால் வேலையின் குறை தெரியும்: 'செ' இல்லாத வரி யாரும் செய்யாமல் கிடக்கப்போகும் வேலை, வரி முழுக்க 'ஆ' இருந்தால் அந்த முடிவு கூட்டம் கூட்டமாகத் தள்ளிப்போகும். மேலிருந்து கீழாகப் படித்தால் ஆளின் சுமை தெரியும். எங்கள் முழு அட்டவணையில் பதினொரு வேலைகள். முதல் வரைவில் அவற்றில் ஏழுக்கு என் பெயரில் 'செ' இருந்தது. கொட்டேஷன் வாங்குவதையும் கணக்கு எழுதுவதையும் பொருளாளருக்கு மாற்றினோம்.

இந்த அட்டவணை சொல்லாததும் உண்டு. எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்பதற்குத் தனியாக நாள் குறிக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மாறினால் அன்றே திருத்த வேண்டும். பழைய அட்டவணை அட்டவணையே இல்லாததைவிடக் குழப்பும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது தேவையில்லை. நாற்பது வரிக்கு நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். கைமாறும் இடங்களையும், பணம் போகும் இடங்களையும், திரும்பச் சரிசெய்ய முடியாத இடங்களையும் மட்டும் எழுதினால் போதும். டைல்ஸ் பதிப்பது அப்படி ஓர் இடம்.

இந்த முறை மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் காலையில் மேல்மாடி வீட்டு அம்மா ஒருவர் சமையலறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் இருப்பதாகச் சொன்னார். மழைநீர்க் குழாய் தளத்தோடு சேரும் இடம் அது. இன்ஜினியர் கையெழுத்திடவில்லை. தண்ணீரை வடித்து, அந்த மூட்டை உடைத்து மறுபடி பூசி, திரும்பவும் தண்ணீர் கட்டினார்கள். ஒரு வாரம் கூடுதலாகப் போனது.

இரண்டாவது சோதனை முடிந்த மாலை மேஸ்திரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். படிக்கட்டில் என்னைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. கையில் காகிதத்தோடு நேராக மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார்.